ஒரு லாட்ஜ், 20,000 ரூபாய், மூன்று விடைகள்: டிஜிட்டல் மார்க்கெட்டிங் இன்டர்வியூவில் எதைச் சொல்வது?

"வேலூர் காந்தி ரோட்டுக்குப் பக்கத்தில் 24 அறை கொண்ட ஒரு லாட்ஜ். சிஎம்சி மருத்துவமனைக்கு வெளிமாநிலத்திலிருந்து வரும் குடும்பங்கள்தான் வாடிக்கையாளர்கள். விளம்பரத்துக்கு மாதம் 20,000 ரூபாய் தருகிறார் முதலாளி. எங்கே, எப்படிச் செலவு செய்வீர்கள்?"

சென்னையிலோ பெங்களூருவிலோ உள்ள ஏஜென்சியில், ரெஸ்யூமில் வேலூர் முகவரியைப் பார்த்ததும் இப்படி ஒரு கேள்வி வந்தால் வியப்பில்லை. இதற்கு இன்டர்வியூவில் பொதுவாக மூன்று விடைகள் வரும். முழுப் பணத்தையும் கூகுள் தேடல் விளம்பரத்தில் போடுவது ஒன்று. முழுவதையும் மெட்டாவில், அதாவது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் போட்டு ஆட்களை வாட்ஸ்அப்புக்கு வரவழைப்பது இன்னொன்று. இரண்டிலும் பாதிப் பாதி போட்டுப் பார்ப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்து, எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சொல்வது, மாதக் கடைசியில் வந்த பலனை எப்படி மறைக்காமல் விளக்குவது என்று பார்ப்போம்.

கீழே வரும் கட்டணங்களும் விகிதங்களும் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. சந்தை நிலவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்டர்வியூவிலும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: "இந்த எண்ணை நான் ஊகித்து வைத்திருக்கிறேன் சார், முதல் வாரம் ஓடியதும் உண்மை எண்ணைப் போட்டுத் திருத்துவேன்." இப்படிச் சொல்பவரிடம் எந்த எண்ணை வேண்டுமானாலும் கேட்டுப் பேசலாம் என்று எதிரே இருப்பவருக்குப் புரியும்.

பணத்தைப் பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

கேள்வி வந்ததும் "கூகுளுக்கு 60, மெட்டாவுக்கு 40" என்று தொடங்கினால் அங்கேயே பாதி மதிப்பெண் போய்விடும். முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: 20,000 ரூபாயில் ஜிஎஸ்டி சேர்ந்ததா? இந்தியாவில் இந்த விளம்பரங்களுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. சேர்ந்தது என்றால் விளம்பரத்தில் ஓடப்போவது 20,000-ஐ 1.18 ஆல் வகுத்தால் வரும் தொகைதான். ஏறக்குறைய 16,950 ரூபாய். முன்பணம் கட்டி ஓட்டும் கூகுள் கணக்கில் 10,000 கட்டினால் சுமார் 8,475 தான் இருப்பில் ஏறும். இதைத் தெரியாமல் 20,000-ஐ முப்பதால் வகுத்துத் தினசரி பட்ஜெட் வைத்தவரின் கேம்பெயின் மாதம் முடிய நான்கைந்து நாள் இருக்கும்போதே நின்றுவிடும்.

இரண்டாவது: தினமும் எத்தனை அறை காலியாக இருக்கிறது? ஒன்பது என்று வைப்போம். மாதத்துக்கு 270 அறை-இரவுகள். ஒரு குடும்பம் சராசரியாக ஆறு இரவு தங்குகிறது என்றால், விளம்பரம் எவ்வளவு சிறப்பாக ஓடினாலும் 45 பதிவுக்கு மேல் இடமில்லை. இந்த மேல்வரம்பைக் கண்டுபிடித்துச் சொல்பவர் மிகக் குறைவு. சொன்னால், கணக்கை வியாபாரத்திலிருந்து தொடங்குகிற ஆள் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது: ஒரு பதிவுக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம்? அறை வாடகை 900 என்றால் ஆறு இரவுக்கு 5,400. "லாபத்தில் பத்து விழுக்காடு" என்று தோராயமாகச் சொல்வதைவிட, இப்போது இதே பதிவுக்கு முதலாளி வேறு எங்கே எவ்வளவு கொடுக்கிறார் என்று கேட்பது மேல். அறை பிடித்துத் தரும் இணையதளத்துக்கு 15 விழுக்காடு கமிஷன் தருகிறார் என்று வைப்போம்: 810 ரூபாய். அதைவிடக் குறைவாக நம் விளம்பரம் ஒரு பதிவைக் கொண்டுவந்தால்தான் அவருக்கு நம்மால் பயன். இனி எல்லா எண்ணையும் இந்த 810-உடன்தான் ஒப்பிட வேண்டும்.

மூன்று விடைகளும் ஒரே கணக்கில்

தேடல் விளம்பரத்தில் ஒரு கிளிக் 12 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். 16,950 ரூபாய்க்கு சுமார் 1,410 கிளிக். அதில் நூற்றுக்கு ஆறு பேர் போன் பட்டனையோ வாட்ஸ்அப் பட்டனையோ அழுத்துகிறார்கள் என்றால் 85 விசாரிப்புகள். மூன்றில் ஒருவர் பதிவு செய்தால் 28 பதிவு. ஜிஎஸ்டி சேர்த்த 20,000-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு பதிவுக்கு 714 ரூபாய்.

வாட்ஸ்அப்புக்கு அழைத்துவரும் மெட்டா விளம்பரத்தில் ஓர் உரையாடல் 35 ரூபாய்க்குத் தொடங்குகிறது என்று கொள்வோம். 484 உரையாடல்கள். பார்க்க மிகப் பெரிய எண். ஆனால் இன்ஸ்டாகிராமில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர் "விலை என்ன" என்று தட்டிவிட்டுப் போவதும், அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட் வைத்திருப்பவர் அறை தேடுவதும் ஒன்றல்ல. நாற்பதில் ஒருவர் வருகிறார் என்றால் 12 பதிவு. ஒன்று 1,667 ரூபாய்.

பாதிப் பாதி போட்டால் தேடலில் 42 விசாரிப்பு, 14 பதிவு. மெட்டாவில் 242 உரையாடல், 6 பதிவு. மொத்தம் 20 பதிவு, ஒன்று 1,000 ரூபாய்.

| விடை | விசாரிப்பு | பதிவு | ஒரு பதிவின் செலவு |
|---|---|---|---|
| முழுதும் தேடல் | 85 | 28 | ரூ. 714 |
| முழுதும் மெட்டா | 484 | 12 | ரூ. 1,667 |
| பாதிப் பாதி | 284 | 20 | ரூ. 1,000 |

இந்த அட்டவணையைப் பார்த்துத் "தேடல்தான் சிறந்தது" என்று முடித்துவிட்டால் அது அவசரம். நாம் ஊகித்த எண்களே அந்த முடிவைத் தருகின்றன. எந்த ஊகம் மாறினால் முடிவு மாறும் என்று பார்க்க வேண்டும். தேடலில் மூன்றில் ஒருவருக்குப் பதில் நான்கில் ஒருவர்தான் பதிவு செய்கிறார் என்று வையுங்கள். 28 பதிவு 21 ஆகிவிடும். செலவு 952-க்கு ஏறி, 810-ஐத் தாண்டிவிடும். கிளிக் விலையில் ஒன்றிரண்டு ரூபாய் கூடுவதைவிட இது பெரிய அடி. அந்த விகிதம் விளம்பரத்தின் கையிலும் இல்லை. ரிசப்ஷனில் போனை எடுப்பவர் இந்தியிலோ வங்காளியிலோ நாலு வார்த்தை பேசுகிறாரா என்பதில்தான் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்காகத்தான், ஒரு வியாபாரத்தைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் இந்தக் கேஸ் கேள்வியே கேட்கிறார்கள்.

மெட்டாவை ஏன் முதலில் எடுக்கவில்லை

"மெட்டாவில் நோயாளிகளைக் குறிவைக்கலாமே" என்று அடுத்த கேள்வி வரும். முடியாது. உடல்நலம் சார்ந்த விருப்பங்களைக் கொண்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வசதியை மெட்டா 2022 ஜனவரியில் நீக்கத் தொடங்கிவிட்டது. "உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறா? வேலூர் வருகிறீர்களா?" என்று பார்ப்பவரின் நோயைச் சுட்டி எழுதுவதும் அவர்களுடைய விளம்பர விதிக்கு எதிரானது, விளம்பரம் நிராகரிக்கப்படும். ஆகவே மேற்கு வங்கத்திலோ ஜார்க்கண்டிலோ ஊரையும் வயதையும் மட்டும் வைத்துப் பெருங்கூட்டத்துக்குக் காட்ட வேண்டியிருக்கும். அந்தக் கூட்டத்தில் இந்த மாதம் வேலூர் வருகிறவர் எத்தனை பேர் இருப்பார்?

இன்னொரு சிக்கல் கொஞ்சம் நுணுக்கமானது. மெட்டாவின் ஒரு விளம்பரத் தொகுப்பு, யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று பழகும் கற்றல் கட்டத்தைத் தாண்ட, வாரத்துக்கு சுமார் 50 பலன்கள் தேவை. பதிவைப் பலனாக வைத்தால் மாதத்துக்கே 12 தான்; ஒருநாளும் தாண்டாது. உரையாடலைப் பலனாக வைத்தால், பாதி பட்ஜெட்டிலேயே வாரத்துக்கு 55, 60 வந்து தாண்டிவிடும். ஆனால் அது கற்றுக்கொள்வது மெசேஜ் தட்டுகிறவர்களைக் கண்டுபிடிப்பதை. அறை எடுக்கிறவர்களை அது தேடாது. திரையில் "கற்றல் முடிந்தது" என்று காட்டும். லாட்ஜ் ரெஜிஸ்டரில் ஒன்றும் ஏறாது. உரையாடல் செலவு வாரவாரம் குறைந்துகொண்டே வந்து, பதிவு மட்டும் அசையாமல் இருந்தால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம்.

இதற்காக மெட்டாவே பயனற்றது என்று சொல்லிவிடக் கூடாது. ஆம்பூரில் ஒரு காலணிக் கடை ஆடித் தள்ளுபடி போடுகிறது என்றால் விடை தலைகீழாகும். அங்கே யாரும் தேடிக்கொண்டிருக்கவில்லை, படத்தைக் காட்டித்தான் ஆசையை உண்டாக்க வேண்டும். லாட்ஜ் விஷயத்தில் தேவை ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தேடிக்கொண்டும் இருக்கிறார்கள்.

எங்கள் தேர்வு: தேடல், ஆனால் ஒரு பகுதியை நிறுத்திவைத்து

மூன்று விடைகளில் முதலாவதை எடுத்து, ஒரு திருத்தம் செய்யலாம். 16,950-இல் 13,500-ஐத் தேடலுக்கு ஒதுக்கி, மீதி 3,450-ஐ மூன்றாவது வாரம் வரை தொடாமல் வைப்பது. பாதிப் பாதிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இன்டர்வியூவில் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பாதிப் பாதியில் தகவல் வருமுன்பே பணம் போய்விடுகிறது, இதில் தகவல் வந்தபிறகு போகிறது.

மூன்றாவது வாரம் எதைப் பார்த்து முடிவெடுப்பது? கூகுள் ஆட்ஸில், பட்ஜெட் போதாததால் எத்தனை விழுக்காடு தேடல்களில் நம் விளம்பரம் வராமல் போனது என்று ஒரு நெடுவரிசை உண்டு. அது 30, 40 என்று இருந்தால் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறுத்திவைத்த பணமும் தேடலுக்கே. அது ஐந்துக்குக் கீழே என்றால் தேடல் வற்றிவிட்டது. தளத்துக்கு வந்துவிட்டுப் போன் செய்யாமல் போனவர்களுக்கு மட்டும் மெட்டாவில் மறுபடி காட்டிப் பார்க்கலாம். விசாரிப்பு வருகிறது, பதிவு வரவில்லை என்றால் எதிலும் போடக் கூடாது. அப்போது குறை விளம்பரத்தில் இல்லை.

தினசரி பட்ஜெட், 13,500-ஐ மாதத்தின் சராசரி நாள்களான 30.4 ஆல் வகுத்து 444 ரூபாய். கூகுள் ஒரு நாளில் இதைப் போல இருமடங்கு, அதாவது 888 வரை செலவழிக்கக்கூடும். ஆனால் மாதத்துக்கு 30.4 மடங்கைத் தாண்டாது. திங்கட்கிழமை 800 ரூபாய் போனதைப் பார்த்துப் பதறி முதலாளி போன் செய்தால் சொல்ல வேண்டிய விடையும் இதுவே.

அமைப்பில் தவறு நேரும் இடங்களில் முதலாவது இடத்தேர்வு. வாடிக்கையாளர் கொல்கத்தாவில் இருந்துகொண்டு வேலூர் லாட்ஜைத் தேடுகிறார். வேலூரை மட்டும் தேர்ந்தெடுத்து `Presence`, அதாவது அங்கே இருப்பவருக்கு மட்டும் என்று வைத்தால் அவருக்கு விளம்பரமே போகாது. `Presence or interest` என்று விட்டால் வேலூர்மேல் ஏதோ ஆர்வம் காட்டிய எல்லோருக்கும் போகும். கல்லூரிச் சேர்க்கைக்குத் தேடும் மாணவரும் அதில் அடக்கம். ஆகவே இரண்டு கேம்பெயினாகப் பிரிப்பது நல்லது. ஒன்று, நோயாளிகள் அதிகம் வரும் மாநிலங்களைத் தேர்ந்தெடுத்து `Presence` வைத்தது; பயணத்துக்கு முன் திட்டமிடுபவருக்கு. இன்னொன்று, வேலூரையும் காட்பாடியையும் சுற்றிச் சில கிலோமீட்டர் வட்டத்துக்கு, அதுவும் `Presence`. காட்பாடி ஜங்ஷனில் மூட்டை முடிச்சோடு இறங்கி, கைபேசியில் அறை தேடுபவருக்கு. முதலாமவர் நாலு லாட்ஜைப் பார்த்து விலை கேட்பார். இரண்டாமவர் யார் போனை எடுக்கிறார்களோ அங்கே ஆட்டோவைத் திருப்புவார். இருவருக்கும் ஒரே விளம்பரம், ஒரே பட்ஜெட் என்றால் மலிவான கிளிக் எங்கே கிடைக்கிறதோ அங்கே பணம் ஒழுகிவிடும்.

அடுத்தது விலக்கு வார்த்தைகள்; இவை உள்ள தேடலுக்கு நம் விளம்பரம் வராது. மருத்துவமனைப் பெயரோடு தேடப்படுவதில் பெரும்பகுதி அறைக்கானது அல்ல. `appointment`, `doctor`, `report`, `nursing`, `admission`, `job`, `vacancy` என்பவற்றை முதல் நாளே விலக்க வேண்டும். 2022 முதல் ராணிப்பேட்டையில் சிஎம்சி-யின் வளாகம் இயங்குகிறது. அங்கே அப்பாயின்ட்மென்ட் உள்ளவர் அதற்குப் பக்கத்தில் அறை தேடலாம். காந்தி ரோட்டு லாட்ஜுக்கு `ranipet` என்ற சொல்லையும் விலக்கிவிடலாம், அல்லது போக்குவரத்து வசதியைச் சொல்லும் தனி விளம்பரமாக்கலாம். எதுவென்றாலும் உள்ளூர் தெரிந்தவர் மட்டுமே யோசிக்கக்கூடிய விவரம் இது. வேலூரில் வளர்ந்தவர் இதைக் கூச்சப்படாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். விளம்பர வாசகத்தில் மருத்துவமனைக்கு "அருகில்" என்று எழுதலாம். மருத்துவமனையே நடத்தும் விடுதி என்ற தோற்றம் வரும்படி எழுதக் கூடாது.

தேடல் கேம்பெயின் தொடங்கும்போது பிற இணையதளங்களிலும் செயலிகளிலும், அதாவது டிஸ்ப்ளே நெட்வொர்க்கில் காட்டும் தெரிவு டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கிளிக் விலை திடீரென்று அழகாகக் குறையும், போன் மட்டும் வராது.

உங்கள் கேம்பெயின் எண்கள்: பயிற்சி டாஷ்போர்டா, சொந்தச் சிறு செலவா

கேஸுக்கு முன்போ பின்போ "இதுவரை எதை ஓட்டியிருக்கிறீர்கள்" என்ற கேள்வி வரும். பயிற்சி மையம் காட்டிய பெரிய கணக்கின் எண்களைச் சொல்வதா, சத்துவாச்சாரியில் சித்தப்பா கடைக்கு 2,000 ரூபாயில் ஓட்டியதைச் சொல்வதா? சந்தேகமே வேண்டாம், இரண்டாவது. காரணம் எளிது. எண்கள் ஒன்றோடொன்று பெருக்கி வகுத்தால் பொருந்த வேண்டும். மனப்பாடம் செய்த எண்கள் பொருந்துவதில்லை.

"கிளிக் செலவு 3 ரூபாய் 20 காசு, 5,000 கிளிக் வந்தது, 40,000 செலவு" என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். 5,000-ஐ 3.20-ஆல் பெருக்கினால் 16,000. மீதி 24,000 எங்கே? கேட்பவர் இதை மனக்கணக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்பத் தயங்குவார்.

சொந்தமாக ஓட்டிய சின்ன கேம்பெயினுக்கு ஒரு தாளில் ஒரே சங்கிலியாக எழுதிப் பழகுங்கள்: செலவு, இம்ப்ரஷன், கிளிக், விசாரிப்பு, விற்பனை. ஐந்தும் எண்ணிக்கையாக இருக்கட்டும். விகிதங்களை அங்கேயே அவர் முன்னால் வகுத்துச் சொல்லலாம். கூடவே அது எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எதை விசாரிப்பு என்று எண்ணினீர்கள் என்ற இரண்டு விவரம். குழுவாகச் செய்த வேலை என்றால் "பட்ஜெட்டை முடிவு செய்தது மேனேஜர், தேடல் சொற்களை வாரவாரம் பார்த்து விலக்கியது நான்" என்று பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் பங்கு சின்னதாக இருப்பதில் குறையில்லை; அதைப் பற்றி மூன்றாவது துணைக்கேள்விக்கும் விடை இருக்க வேண்டும்.

மாதக் கடைசியில்: எந்த எண்ணை முன்னால் வைப்பது

கேஸின் இரண்டாம் பாதி இதுதான். "சரி, ஓட்டிவிட்டீர்கள். திரையில் 61 கன்வர்ஷன். முதலாளியிடம் என்ன சொல்வீர்கள்?"

ஒரு வழி, 61-ஐச் சொல்லி முடிப்பது. தேடலுக்கு ஒதுக்கிய 13,500 ஜிஎஸ்டியோடு 15,930 ரூபாய், 61 கன்வர்ஷன், ஒன்று 261 ரூபாய். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் முதலாளி ரெஜிஸ்டரைப் புரட்டுவார், அதில் 14 பெயர்தான் இருக்கும். இன்னொரு வழி, 14-ஐ மட்டும் சொல்வது: ஒன்று 1,138 ரூபாய், இலக்கு 810, தோல்வி. இது நேர்மையாகத் தோன்றினாலும் அரைகுறை. எங்கே உடைந்தது என்று சொல்லவில்லை. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து, நடுவில் நடந்ததை விளக்குவதே விடை.

திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 13,500 ரூபாய்க்கு 1,125 கிளிக் எதிர்பார்த்தோம், வந்தது 1,020. கிளிக் விலை 13 ரூபாய்க்குச் சற்று மேலே போனது. நூற்றுக்கு ஆறு பேர் பட்டனை அழுத்துவார்கள் என்றோம். 61, சரியாக ஆறு. இதுவரை திட்டம் பெரிதாகப் பிசகவில்லை. இனிமேல்தான் கவனிக்க வேண்டும். அந்த 61 என்பது பட்டனை அழுத்திய எண்ணிக்கை. பேசிய எண்ணிக்கை அல்ல. 38 பேர் போன் பட்டனை அழுத்தினார்கள். லாட்ஜ் போனின் பதிவைப் பார்த்தால் 24 அழைப்புதான் எடுக்கப்பட்டிருக்கிறது. 14 தவறிய அழைப்புகள், பெரும்பாலும் இரவு ஒன்பதுக்கு மேலும் விடியற்காலையிலும். வாட்ஸ்அப் பட்டனை 23 பேர் அழுத்தினார்கள். மெசேஜ் வந்து சேர்ந்தது 17. மீதிப் பேர் பட்டனை அழுத்திவிட்டு எதையும் அனுப்பவில்லை. ஆக உண்மையில் பேசியது 41 பேரிடம். அதில் 14 பதிவு என்றால் மூன்றில் ஒன்று. ரிசப்ஷனில் பேசியவர் நாம் ஊகித்த அளவுக்கே பேசியிருக்கிறார்.

உடைந்த இடம் இப்போது தெரிகிறது: போனை எடுக்காத நேரம். தவறிய 14 அழைப்பையும் எடுத்திருந்து, அவர்களும் மற்றவர்களைப் போலவே நடந்திருந்தால் இன்னும் ஐந்து பதிவு வந்திருக்கும். 19 பதிவு, ஒன்று 838 ரூபாய். அப்போதும் 810-ஐத் தொட்டிருக்காது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "போனை எடுத்திருந்தால் வெற்றி" என்று பழியை முழுதாக ரிசப்ஷன்மேல் போடுவது பொய்யாகிவிடும். கிளிக் விலை ஏறியதும் ஒரு காரணம்.

இன்னும் ஒரு கசப்பான எண் உண்டு. "எப்படித் தெரிந்தது" என்று ரிசப்ஷனில் கேட்டு எழுதியதில், 14 பேரில் மூவர் போன வருடமும் அதே லாட்ஜில் தங்கியவர்கள்; லாட்ஜ் பெயரையே தேடி, மேலே இருந்த விளம்பரத்தை அழுத்தி வந்தவர்கள். விளம்பரம் இல்லாவிட்டாலும் அவர்கள் வந்திருப்பார்கள். அவர்களைக் கழித்தால் 11 புதிய பதிவு, ஒன்று 1,448 ரூபாய். கேட்பவர் இதைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் லாட்ஜ் பெயரை விலக்கு வார்த்தையாகச் சேர்ப்பேன், ஆனால் அந்தப் பெயரில் வேறு யாராவது விளம்பரம் செய்கிறார்களா என்று முதலில் தேடிப் பார்ப்பேன் என்பது தொடர்ச்சியாக வரவேண்டிய வாக்கியம்.

திரை எண்ணும் ரெஜிஸ்டர் எண்ணும் பொருந்தாததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரே குடும்பத்தில் மகனும் அப்பாவும் தனித்தனியாக அழுத்தியிருப்பார்கள். 28-ஆம் தேதி கிளிக் செய்தவர் அடுத்த மாதம் 9-ஆம் தேதி வந்து இறங்குவார். கூகுள் ஆட்ஸ் கன்வர்ஷனைக் கிளிக் நடந்த நாளில் எழுதும். அனலிட்டிக்ஸ் அது நடந்த நாளில் எழுதும். மெட்டாவும் ஓடியிருந்தால், கிளிக் செய்த ஏழு நாளுக்குள்ளும், வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள்ளும் நடந்ததை இயல்பாகவே அது தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஒரே பதிவை இரண்டு தளமும் உரிமை கொண்டாடும். இரண்டையும் கூட்டிச் சொல்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

"வெளிமாநிலக் கேம்பெயினில் 9 பதிவு, காட்பாடி கேம்பெயினில் 5. அப்படியானால் காட்பாடியை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டு ஆழம் பார்ப்பார்கள். இவ்வளவு சிறிய எண்களில் அவசரப்படக் கூடாது. எளிய கணக்கு ஒன்று கைகொடுக்கும்: இரண்டையும் கூட்டி, அதன் வர்க்கமூலத்தைப் பாருங்கள். 14-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 3.7. வித்தியாசம் 4. வெறும் அதிர்ஷ்டத்தாலேயே இவ்வளவு ஏற்றத்தாழ்வு வரலாம். வித்தியாசம் இதைப் போல இருமடங்காவது இருந்தால்தான் யோசிக்கத் தொடங்கலாம். அதோடு இரண்டிலும் செலவு சமமா என்றும் பார்க்க வேண்டும். "ஒரு மாதம் போதாது மேடம், தவறிய அழைப்பைச் சரிசெய்து இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது இங்கே நழுவல் ஆகாது. காரணத்தோடு சொன்ன முடிவுதான்.

நிறுத்திவைத்த 3,450? மூன்றாவது வாரத்திலேயே தவறிய அழைப்புகள் தெரிந்திருக்கும். எனவே அதைச் செலவழிக்கவில்லை, ஜிஎஸ்டியோடு 4,070 ரூபாய் மிச்சம் என்று சொல்லலாம். முதலாளிக்கு இரவு நேரத்தில் போனை எடுக்க ஓர் ஆளோ, ஆள் கிடைக்கும் வரை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை விளம்பரத்தை நிறுத்திவைப்பதோ யோசனையாகத் தரலாம். ஆள் வைப்பது மேல். விடியற்காலை ரயிலில் இறங்குபவர்தான் உடனே அறை எடுப்பவர்.

கடைசியாக ஒரு கேள்வி வரும், இதில்தான் பலர் உற்சாகத்தில் வழுக்குவார்கள்: "20,000-க்குப் பதில் 2 லட்சம் தந்தால்?" மெட்டா, யூடியூப், இன்ஃப்ளுயன்சர் என்று அடுக்கத் தொடங்க வேண்டாம். காலி அறைக்கு 45 பதிவுதான் இடம். ஒரு பதிவுக்கு 810 வீதம் மேல்வரம்பு 36,450 ரூபாய், அதுவும் ஜிஎஸ்டி சேர்த்து. மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அல்லது பக்கத்தில் இன்னொரு கட்டடம் எடுக்கும் எண்ணம் இருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்பேன் என்று சொல்லுங்கள்.